அழகும் மகிழ்ச்சியும்: லயத்தில் ஒரு கணக்கு, டவுனில் ஒரு கணக்கு

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் அவ்வளவு அழகு. "சித்தி, அழகா இருக்கிறவங்க நெசமாவே நம்மள விட சந்தோஷமா இருக்காங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு 19 வயது. கேள்வியை விட அதில் இருந்த 'நம்மள' என்ற சொல்தான் என்னைக் குத்தியது. "அப்படியெல்லாம் ஒன்னும் இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டேன். நாதஸ்வரச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை.

ஆனால் அது சரியான பதில் இல்லை. நான் படித்தது உளவியல். இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக 20 வருடமாக இருக்கிறேன். முகத்தைப் பற்றிய கவலையோடு என் அறைக்கு வரும் பிள்ளைகளுக்கு 'ஒன்றும் இல்லை' என்ற பதில் போதாது என்று எனக்குத் தெரியும். தொடர்பு இருக்கிறது. அது எவ்வளவு பெரியது, எந்த வழியாக வருகிறது, எந்த ஊரில் வருகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் அளவைப் பார்ப்போம். இதில் நல்ல கணக்கு ஒன்று உண்டு. டேனியல் ஹாமர்மெஷ், ஜேசன் அப்ரெவாயா என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் ஐந்து தரவுத் தொகுப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அழகுக்கும் வாழ்க்கை நிறைவுக்கும் உள்ள தொடர்பு பெண்களிடம் சுமார் 0.12, ஆண்களிடம் சுமார் 0.10 என்று வந்தது. இந்த அளவுகோலில் 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் ஒன்று ஏறினால் மற்றதும் அச்சு அசலாகக் கூடவே ஏறுகிறது என்று பொருள்.

0.12 என்றால் என்ன என்று மண்டபத்தை வைத்தே சொல்கிறேன். அங்கிருந்த பெண்களில் 200 பேரை யோசிக்காமல் இரண்டிரண்டு பேராக நிற்க வைத்தால் 100 ஜோடி கிடைக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் 'இவர்தான் கூடுதல் அழகு' என்று ஒருவரைக் காட்டுங்கள். அழகுக்கும் மகிழ்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்றால், அவர்களில் சுமார் 50 பேர் தங்கள் ஜோடியை விட மகிழ்ச்சியாக இருப்பார்கள். 0.12 என்ற தொடர்பு இருந்தால் அந்த 50 என்பது 54 ஆகும். அவ்வளவுதான். மீதி 46 ஜோடிகளில் அழகு குறைந்தவர்தான் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பார். அதனால் ஒருவருடைய முகத்தைப் பார்த்து அவருடைய மனநிலையைச் சொல்ல முயல்வது காசு சுண்டிப் பார்ப்பதை விடக் கொஞ்சம்தான் மேல்.

அப்படியானால் நமக்கு ஏன் இது பெரிதாகத் தெரிகிறது? அழகான முகத்தைப் பார்த்ததும் மற்ற நல்லதை எல்லாம் நாமே அதன் மேல் ஏற்றி வைக்கிறோம். 1972இல் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர்களிடம் கேரன் டயனும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்பின் தெரியாதவர்களின் படங்களைக் காட்டினார்கள். அழகான முகத்துக்காரருக்கு நல்ல குணம், நல்ல வேலை, நல்ல இல்லறம் எல்லாம் அமையும் என்று மாணவர்கள் எழுதினார்கள். படத்தைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது. மேடையில் இருந்த பெண்ணைப் பற்றி என் அக்கா மகளுக்கும் வேறு எதுவும் தெரியாதுதானே.

சரி, அந்த 54ஐயும் இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதே ஆய்வில் சம்பளம், திருமணம் போன்றவற்றைக் கணக்கில் சேர்த்துச் சமப்படுத்தியபோது, ஆண்களிடம் அந்தத் தொடர்பு பாதிக்கும் கீழே இறங்கியது. பெண்களிடம் ஏறக்குறைய பாதி குறைந்தது. அதாவது கண்ணாடியைப் பார்த்து வருகிற மகிழ்ச்சி ஒரு பங்குதான். அழகைப் பார்த்து மற்றவர்கள் கொடுக்கிற வேலை, சம்பளம், வரன் இவற்றின் வழியாக வருவதும் ஏறக்குறைய அதே அளவு, ஆண்களுக்கு அதை விடக் கூடுதல். என் பார்வையில் இந்தத் துறையிலேயே மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். மற்றவர்கள் கொடுப்பதால் வருகிற மகிழ்ச்சி என்றால், அவர்கள் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும் அல்லவா?

அங்கேதான் எனக்குத் தோட்டம் ஞாபகம் வருகிறது.

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். பெரியப்பாவுக்கு இரண்டு மகள்கள். சின்னக்கா பார்ப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அழகு. பெரியக்காவுக்கு முன்பல் தூக்கல், அம்மைத் தழும்பு, நல்ல கறுப்பு. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்கள் வீடு அவர்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி.

தோட்டத்து வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனால் யாருக்கு எந்த மர நிரை என்று மண்டோர்தான் பிரித்துக் கொடுப்பார். பக்கத்து நிரையில் வெட்டுவது யார் என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த வீட்டில் குடியிருப்பது என்பதையும் நிர்வாகம்தான் சொல்லும். பிள்ளைகள் ஒரே ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, ஒரே தமிழ்ப்பள்ளிக்குப் போவார்கள். மாரியம்மன் திருவிழாவில் கூழ் காய்ச்சுவது எந்த வீடு, கரகம் எடுப்பது எந்த வீடு என்பதெல்லாம் நாங்கள் பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கும். உறவு என்பது நாம் போய்த் தேடுவது இல்லை, ஏற்கெனவே இருப்பது. அங்கே யாரும் யாரையும் புதிதாகப் பார்ப்பதும் கிடையாது.

அந்த லயத்தில் சாயங்காலம் பெண்கள் கூடுவது பெரியக்கா வீட்டு வாசற்படியில்தான். சேமநிதிப் பாரம் நிரப்ப வேண்டும் என்றாலும், பள்ளிக்கூடத்திலிருந்து மலாய்க் கடிதம் வந்தாலும், கிராணியிடம் போய்ப் பேச வேண்டும் என்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். சின்னக்காவும் அதே படியில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். இருவரில் யார் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார் என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் பெரியக்கா என்று சொல்லியிருப்பேன்.

1994இல் தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், ஆள் குறைத்தார்கள். இரண்டு குடும்பமும் டவுனில் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போயின. அக்காமார் இருவரும் ஒரே நாளில் ஒரே கடைக்கு வேலை கேட்டுப் போனார்கள், துணிக்கடை. சின்னக்காவை முன்னால் நிற்கச் சொன்னார்கள், விற்பனைக்குக் கமிஷன் உண்டு. பெரியக்காவைப் பின்னால் ஸ்டோரில் துணி மடிக்கச் சொன்னார்கள், கமிஷன் கிடையாது. பெரியக்காதான் நன்றாக மலாய் பேசுவார், கணக்கும் போடுவார். அதை யாரும் கேட்கவே இல்லை. கேட்பதற்கு முன்பே பார்த்து முடித்துவிட்டார்கள். அடுக்குமாடியிலும் அதே கதைதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் யாரென்று தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. இரண்டு மூன்று வருடம் அவர் வீட்டுக்கதவு சாத்தியே கிடந்தது. நான் பார்க்கப் போனால் மெதுவாகத்தான் பேசுவார்.

முகம் அதேதான், ஆளும் அதேதான். மாறியது ஊர்.

பின்னால் நான் படிக்கப் போனபோது, இதையே அளந்து பார்த்தவர்கள் உண்டு என்று தெரிந்து ஒரு நாள் முழுக்க நூலகத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. விக்டோரியா பிளாட், கிளென் ஆடம்ஸ், ஸ்டெஃபனி ஆண்டர்சன் ஆகிய மூவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவில் நகரத்தில் வாழும் பெண்களையும் கிராமப்புறத்தில் வாழும் பெண்களையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். நகரத்துப் பெண்களிடம், அழகு கூடக்கூட மனநிறைவும் கூடியது. கிராமப்புறப் பெண்களிடம் அப்படி எதுவும் இல்லை. அடுத்தபடியாக, நகரத்தில் அந்த மனநிறைவு எந்த வழியாக வருகிறது என்று பார்த்தார்கள். அழகானவர்களுக்கு நட்பும் பழக்கமும் கூடுதலாகக் கிடைத்திருந்தன. மனநிறைவு அந்த வழியாகத்தான் வந்தது.

அவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. நட்பையும் துணையையும் ஒவ்வொருவரும் தாங்களே தேடிப் பிடிக்க வேண்டிய இடம் சந்தை மாதிரி. சந்தையில் சரக்கைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், முதலில் கண்ணில் படுவதும் முகம்தான். உறவுகள் ஏற்கெனவே அமைந்திருக்கிற இடத்தில் அந்தத் தேர்வே நடப்பதில்லை, அதனால் முகத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஒரு வருடம் முன்பு, 2008இல், இதே மூவர் அமெரிக்க மாணவர்களையும் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டு மாணவர்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். அமெரிக்காவில் அழகுக்கும் வாழ்க்கை அமைவதற்கும் தொடர்பு தெரிந்தது, கானாவில் அது எடுபடவில்லை. கானா ஒரு மூலை, எங்கள் லயம் ஒரு மூலை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

இதற்குள் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எனக்குப் பிடித்த முடிவை மட்டும் காட்டியதாகிவிடும். அந்த 2009 ஆய்வில் அழகை அளக்கப் பயன்படுத்தியது இடுப்புச் சுற்றளவுக்கும் புட்டச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம். டேப் வைத்து எடுக்கலாம், அளப்பவரின் ரசனை குறுக்கே வராது, அது அதன் பலம். ஆனால் பிள்ளை பெற்றதும், வயது ஏறியதும், உடம்பு சரியில்லாமல் போனதும் அந்த எண்ணை மாற்றும். முகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பெண்களை மட்டும்தான் பார்த்தார்கள். நகரத்துக்குப் போனவர்களும் கிராமத்தில் தங்கியவர்களும் தொடக்கத்திலேயே வேறு வேறு மாதிரி ஆட்களாக இருந்திருக்கலாம். பெரியக்காவை நான் பார்த்த மாதிரி, ஒரே ஆளைத் தோட்டத்திலும் டவுனிலும் பின்தொடர்ந்து அளந்த ஆய்வு அது இல்லை. பெரியக்காவை மட்டும் வைத்துச் சொல்வதும் நிரூபணம் ஆகாது, வேலை போன துக்கமும் சேர்ந்துதானே அவரை அப்படி ஆக்கியது.

இன்னொன்று, தோட்டத்தை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பெரியக்காவின் நிறத்தைப் பற்றி அவர் காதுபடவே பேசியிருக்கிறார்கள். கல்யாணம் என்று வந்துவிட்டால் லயத்திலும் ஒரு சந்தை திறந்துவிடும், அதில் 'நிறம்' என்றாலே சிவப்பு என்றுதான் பொருள். இப்போது அது இன்னும் மோசமாகிவிட்டது. முன்பெல்லாம் சொந்தக்காரர் ஒருவர் வந்து, பெண்ணின் குணத்தையும் குடும்பத்தையும் சொல்லி, அப்புறம்தான் பெண் பார்ப்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் முதலில் படம் அனுப்பு என்கிறார்கள். படம் பிடிக்காவிட்டால் குணம் பேசப்படுவதே இல்லை.

திசையைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அழகு மகிழ்ச்சியைக் கொடுக்கிறதா, மகிழ்ச்சியாக இருப்பவர் அழகாகத் தெரிகிறாரா? 1995இல் எட் டீனரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை அழகாகப் பிரித்துப் பார்த்தார்கள். மாணவர்களை முதலில் அவர்கள் வழக்கமாக இருக்கும் கோலத்தில் மதிப்பிட்டார்கள், பிறகு உடை, நகை போன்ற அலங்காரம் எதுவும் தெரியாதபடி செய்து மதிப்பிட்டார்கள். அலங்காரம் போனதும், முன்பே சிறியதாக இருந்த தொடர்பு இன்னும் சுருங்கிவிட்டது. அப்படியானால் அந்தத் தொடர்பில் ஒரு பகுதி எலும்பும் தோலும் சார்ந்தது இல்லை. மனம் நன்றாக இருப்பவர் தலைவாரிப் பூ வைத்து, நல்லதாக ஒன்று உடுத்திக்கொண்டு வருகிறார், பார்ப்பவர் அதற்கும் சேர்த்து மதிப்பெண் போட்டுவிடுகிறார். கதவைச் சாத்திக்கொண்டிருந்த அந்த வருடங்களில் பெரியக்கா தலைகூடச் சரியாக வாரவில்லை. டவுன்காரர்கள் பார்த்தது அந்த முகத்தைத்தான். அதே ஆய்வில், பிறர் போட்ட மதிப்பெண்ணை விட, 'நான் அழகு' என்று தானே நினைப்பதுதான் மகிழ்ச்சியோடு கூடுதலாக ஒட்டியிருந்தது. இதிலும் எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. மனம் வாடியிருக்கும்போது கண்ணாடியும் வாடித்தான் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிச் சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளி முடித்தவர்களின் ஆண்டுமலர்ப் படங்களுக்கு, அவர்களைத் தெரியாதவர்களை வைத்து மதிப்பெண் போட்டு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அவர்களுடைய மனநலத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். படம் எடுத்தது முன்பே, மனநலத்தைக் கேட்டது பின்னால். அங்கேயும் தொடர்பு வந்தது, அளவில் சிறியதாக. அதனால்தான் அக்கா மகளிடம் நான் சொன்ன 'ஒன்னும் இல்ல' தவறு என்கிறேன்.

பழகப் பழக என்ன ஆகிறது என்பதை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். லூசி ஹன்ட், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் ஆகியோர் 2015இல் 167 ஜோடிகளைப் பார்த்தார்கள். சந்தித்த சூட்டோடு காதலிக்கத் தொடங்கிய ஜோடிகளில் இருவரும் அழகில் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள். நீண்ட நாள் பழகிய பிறகு சேர்ந்த ஜோடிகளில் அந்தப் பொருத்தம் மிகவும் குறைந்திருந்தது. அதற்கு அவர்கள் கொடுக்கும் விளக்கம், முதல் பார்வையில் யார் அழகு என்பதில் எல்லோரும் ஓரளவு ஒத்துப்போகிறார்கள், பழகிய பிறகு ஒவ்வொருவரும் வேறு வேறு மாதிரி மதிப்பிடுகிறார்கள் என்பது. ஒருவருக்கு அம்மைத் தழும்பு தெரியும், இன்னொருவருக்கு நள்ளிரவில் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவந்தவரின் முகம் தெரியும். அதனால் முகம் மகிழ்ச்சியைத் தீர்மானிக்கும் இடம் எது என்று கண்டுபிடிக்க நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இங்கே முடிவு எடுப்பவர் நம்மை எத்தனை நாளாகத் தெரிந்தவர்? நேர்முகத் தேர்வு, கடை முன்மேசை, வரன் பார்க்கும் படம், இங்கெல்லாம் பதில் 'ஐந்து நிமிடம்'தான். கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், பத்து வருட வேலையிடம், இங்கெல்லாம் பதில் வேறு.

பெரியக்கா விஷயத்தில் அதுதான் நடந்தது. அவருடைய மகன் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்ததும் பெற்றோர் சங்கத்தில் யாரோ அவரைப் பாரம் நிரப்பச் சொன்னார்கள். அடுத்த வருடம் அவர் செயலாளர். அடுக்குமாடியில் மறுபடி ஒரு வாசற்படி உருவானது. முகம் அப்போதும் மாறவில்லை, பல்கூடக் கட்டிக்கொள்ளவில்லை.

சின்னக்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர் கஷ்டப்பட்டார் என்று சொல்லி நாம் ஆறுதல் தேட வேண்டியதில்லை. கமிஷன் பணத்தில் வீடு வாங்கினார், நன்றாகவே இருக்கிறார். ஒரு முறை மட்டும் என்னிடம், "கடையில என்னைப் பாராட்டுறப்ப எனக்கு நல்லா விக்கத் தெரியுதுன்னு பாராட்டுறாங்களா, மூஞ்சிக்குப் பாராட்டுறாங்களான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல" என்றார். பிரெண்டா மேஜரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1984இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். தன்னைக் கண்ணால் பார்த்த எதிர்பாலினத்தவர் புகழ்ந்தால், அழகானவர்கள் அதைத் தங்கள் வேலைக்குக் கிடைத்த புகழாக எடுத்துக்கொள்ளத் தயங்கினார்கள். அந்த 54, 60 ஆகாமல் 54இலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு சின்னக் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று கல்யாணச் சாப்பாட்டின்போது சின்னக்கா மேடைப் பக்கம் சொந்தக்காரர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெரியக்கா பின்வரிசை மேசை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பழைய தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக அந்த மேசைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். அக்கா மகளும் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனாள். இடம் இல்லை. பக்கத்து மேசையிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.